கிராமுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்

பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, விதைப்புக்குப் பணம் என்று எது வந்தாலும் தமிழ்நாட்டில் பல வீடுகளில் முதலில் திறப்பது பீரோவைத்தான். நகையை எடுத்துக்கொண்டு போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "கிராமுக்கு எவ்வளவு தருவீங்க?" என்பது. அதிகம் தருகிற இடத்தில் வைத்துவிட்டுத் திரும்புகிறோம். நகை நம் கைக்குத் திரும்புமா, ஏலத்துக்குப் போகுமா என்பதை முடிவு செய்வதோ வட்டியும், நகைக்குப் போட்ட மதிப்பும், வட்டி கட்டும் முறையும்தான். ஒரே நகையை வங்கி, தனியார் நிதி நிறுவனம், அடகுக்கடை என்று மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தால் இது புரியும்.

மதிப்பு எப்படிப் போடுகிறார்கள்?

24 கிராம், அதாவது மூன்று பவுன் எடையுள்ள ஒரு கல் வைத்த ஆரத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் நாம் அதை மூன்று பவுன் என்றே சொல்வோம். மதிப்பீட்டாளர் அப்படிப் பார்ப்பதில்லை. கல், அரக்கு, நூல் ஆகியவற்றின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்தை மட்டும் கணக்கில் எடுப்பார். நம் ஆரத்தில் அப்படி 4 கிராம் போனால் நிகர எடை 20 கிராம். கல்லுக்கும் செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் நாம் கொடுத்த பணத்துக்கு அங்கே மதிப்பு இல்லை. அடுத்து உரைத்துப் பார்த்தோ கருவியில் வைத்தோ மாற்றைச் சோதிப்பார். 916 முத்திரை உள்ள நகைக்கும் முத்திரை இல்லாத பழைய நகைக்கும் இங்கே வித்தியாசம் வரும்.

விலையும் கடை வாசலில் எழுதியிருக்கும் அன்றைய விலை அல்ல. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகள், 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்று சொல்லப்பட்டவை. அவற்றின்படி கடந்த 30 நாட்களின் சராசரி விலை, முந்தைய நாளின் இறுதி விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். சோதனை வாடிக்கையாளர் முன்னிலையிலேயே நடக்க வேண்டும். மொத்த எடை, நிகர எடை, கழிவு, மாற்று, மதிப்பு எல்லாவற்றையும் எழுதிச் சான்று தர வேண்டும். அந்தத் தாளில் கழிவு எவ்வளவு என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நகை உள்ளே போன பிறகு ஒரு கிராமுக்கான வாக்குவாதத்தில் ஜெயிப்பது கடினம்.

ஒரே ஆரம், மூன்று வட்டி

கணக்கு எளிதாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 கிராமுக்கு மதிப்பு 2,00,000 ரூபாய். நமக்குத் தேவை 1,50,000.

வங்கியில் ஆண்டுக்கு 9 சதவீத வட்டி என்றால், ஒரு வருட முடிவில் வட்டி 13,500. மொத்தம் 1,63,500 கட்டினால் ஆரம் கைக்கு வந்துவிடும். நிதி நிறுவனத்தில் 21 சதவீதம் என்றால் வட்டி 31,500, மொத்தம் 1,81,500. அடகுக்கடையில் வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவார்கள். "மூணு ரூபா வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். கேட்பதற்குச் சிறிய தொகை. ஆனால் வருடத்துக்கு 36 சதவீதம். வட்டி மட்டும் 54,000. மொத்தக் கடன் 2,04,000. ஆரத்தின் மதிப்பே இரண்டு லட்சம்தான். ஒரே வருடத்தில் கடன் நகையைத் தாண்டிவிட்டது.

வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் பொதுவான அந்த விதிகளில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. வீட்டுச் செலவுக்கு வாங்கும் நகைக்கடன் இரண்டரை லட்சம் ரூபாய் வரை இருந்தால், மதிப்பில் 85 சதவீதம்தான் தரலாம். அசலையும் வட்டியையும் வருடக் கடைசியில் சேர்த்துக் கட்டுகிற கடனாக இருந்தால், அந்த வருட வட்டியும் இந்த 85 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். நம் ஆரத்துக்கு அந்த எல்லை 1,70,000. வங்கியின் 1,63,500 அதற்குள் வருகிறது. 21 சதவீத வட்டியில் 1,50,000 கடன் வராது. கடன் தொகை குறையும், அல்லது வட்டியை மாதாமாதம் கட்டச் சொல்வார்கள். அது மாதம் 2,625 ரூபாய். சில நிறுவனங்களின் திட்டங்களில் விளம்பரத்தில் சொல்லும் குறைந்த வட்டி, மாதம் தவறாமல் கட்டுகிறவர்களுக்கு மட்டுமே. ஒரு மாதம் தவறினால் வட்டி அடுத்த படிக்கு ஏறும். ஆகவே "குறைந்த வட்டி எவ்வளவு?" என்று கேட்பதோடு, "தவறினால் எவ்வளவு?" என்பதையும் கேளுங்கள்.

அடகுக்கடைக்கு இந்த விதிகள் பொருந்தாது. அது 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுபிடிப்போர் சட்டத்தின் கீழ் வருகிறது. கடைக்கு உரிமம் வேண்டும், அடகு ரசீது தர வேண்டும், வட்டிக்கும் அரசு வரம்பு வைத்திருக்கிறது. ஆனாலும் துண்டுச் சீட்டில் பவுனை மட்டும் எழுதி, வட்டியை வாயால் சொல்கிற கடைகள் இருக்கின்றன. உரிம எண் இல்லாத சீட்டை வாங்கிக்கொண்டு நகையைக் கொடுத்தால், பின்னால் எந்தச் சட்டத்தையும் காட்டிப் பேச நம்மிடம் ஆதாரம் இருக்காது.

ஏலம் எப்படி வருகிறது?

பெரும்பாலும் ஏலம் ஒரே நாளில் வருவதில்லை. தவணை முடிகிறது, வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கலாம் என்று நினைக்கிறோம், அந்த வட்டிக்கும் பணம் இல்லை. வட்டி முழுவதும் கட்டாமல் இந்த வகைக் கடனைப் புதுப்பிக்கக் கூடாது என்பதும் இப்போது விதி. இடையில் தங்கம் விலை இறங்கினால் நிலைமை இன்னும் சீக்கிரம் மோசமாகும். நம் ஆரத்தின் மதிப்பு 15 சதவீதம் குறைந்தால் 1,70,000. வங்கிக் கடன் வட்டியோடு சேர்ந்தும் அதற்குள் நிற்கிறது. 36 சதவீத வட்டிக் கடன் ஐந்தாவது மாதத்திலேயே, 1,72,500 ஆகி, அதைத் தாண்டிவிடும்.

ஏலத்துக்கு முன் கடன் வாங்கியவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். ஏலத்தின் தொடக்க விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகவில்லை என்றால் 85 சதவீதம் வரை இறங்கலாம். கடன் போக மிஞ்சுகிற பணத்தை, ஏலத் தொகை முழுதும் வந்த ஏழு வேலை நாட்களுக்குள் உரியவருக்குத் தர வேண்டும். இந்த மிச்சப் பணத்தைப் பலர் கேட்பதே இல்லை. வீடு மாறி, கைபேசி எண் மாறி, அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய்விட்டால் கேட்க வேண்டும் என்பதுகூடத் தெரியாது. முகவரி மாறினால் அடகு வைத்த இடத்தில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

மிச்சம் வந்தாலும் நஷ்டம் நமக்குத்தான். இரண்டு லட்சம் மதிப்புள்ள தங்கத்துக்கு 12 சதவீதம் சேதாரமும் 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால், அதே 20 கிராம் ஆரத்தைத் திரும்ப வாங்க 2,30,720 ரூபாய் ஆகும். கல்லின் விலை தனி.

வைக்கும்போதே செய்ய வேண்டியது

மூன்று நகை வைக்கிறீர்கள் என்றால் மூன்று தனி ரசீதாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே கடனாக வைத்தால், முழுத் தொகையும் சேரும்வரை ஒன்றைக்கூடத் திருப்ப முடியாமல் போகலாம். தனித்தனியாக இருந்தால் கையில் பணம் வரும்போது ஒவ்வொன்றாக மீட்கலாம். ஒன்று ஏலத்துக்குப் போனாலும் மற்றவை தப்பும். தரக்கூடிய முழுத் தொகையையும் வாங்காமல் தேவைக்கு மட்டும் வாங்கினால், விலை இறங்கினாலும் இடைவெளி இருக்கும்.

இனி வட்டி கட்டவே முடியாது என்று தெரிந்துவிட்டால், ஏல அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள். உறவினர் ஒருவரிடம் சில நாள் கைமாற்று வாங்கி நகையைத் திருப்பி, இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு நீங்களே விற்றுக் கைமாற்றை அடையுங்கள். நிற்காமல் ஏறும் வட்டி அன்றே நிற்கும். என்ன விலைக்கு விற்பது என்பதையும் நீங்களே முடிவு செய்வீர்கள்.