ஒன்றைக் கழித்தால் ஒரு பிட் அணையும்

சி மொழி கேட்கும் தேர்வுகளில் இரண்டு கேள்விகள் அடிக்கடி தலைகாட்டும். ஓர் எண்ணை இரும முறையில் எழுதினால் அதில் எத்தனை 1 வரும்? அந்த எண் 2-இன் அடுக்கா, அதாவது 1, 2, 4, 8 என்ற வரிசையில் வருவதா? இரண்டுக்கும் திறவுகோல் ஒன்றே: `n & (n - 1)`.

4000-இலிருந்து ஒன்றைக் கழித்தால் 3999. கடைசியில் இருந்த பூஜ்யங்களெல்லாம் 9 ஆகின்றன, அவற்றுக்கு முன்னால் நின்ற 4 ஒன்று குறைகிறது. இரும முறையிலும் இப்படித்தான். கடைசிப் பூஜ்யங்கள் 1 ஆகும், அவற்றுக்கு முன்னால் நின்ற 1 பூஜ்யமாகும், அதற்கு இடப்பக்கம் இருப்பவை மாறுவதில்லை. `&` என்பது இரண்டு எண்களிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 தரும். எனவே வலக்கோடியில் இருக்கும் 1 மட்டும் அணைந்துபோகிறது.

```
44    101100
43    101011
&     101000   (40)
```

அடுத்து 40-ஐயும் 39-ஐயும் சேர்த்தால் 32 வரும். 32-ஐயும் 31-ஐயும் சேர்த்தால் 0. மூன்று சுற்றில் முடிந்தது, ஆகவே 44-இல் மூன்று 1.

```c
int count = 0;
while (n != 0) {
    n = n & (n - 1);
    count++;
}
```

ஒவ்வொரு பிட்டாக நகர்த்திப் பார்த்தால் 44-க்கு ஆறு சுற்று ஆகியிருக்கும். இங்கே எத்தனை 1 உண்டோ அத்தனை சுற்றுதான். கெர்னிகன் முறை என்று இதைச் சொல்கிறார்கள். பீட்டர் வெக்னர் இதை 1960-லேயே வெளியிட்டுவிட்டார்.

2-இன் அடுக்கில் ஒரே ஒரு 1தான் இருக்கும். அதை அணைத்தால் மிஞ்சுவது 0. ஆனால் n பூஜ்யமாக இருந்தாலும் விடை 0தான். பூஜ்யமோ 2-இன் அடுக்கு இல்லை. அதனால் `n > 0` என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்.

மதிப்பெண் அதிகம் பறிபோகும் இடம் அடைப்புக்குறி. `n & (n - 1) == 0` என்று எழுதினால் சி முதலில் `==` பகுதியைக் கணக்கிடும். n 8 என்றால் 7 பூஜ்யமா என்று பார்க்கிறது; இல்லை, எனவே 0. பிறகு `8 & 0`, அதுவும் 0. 8 அடுக்கு இல்லை என்று விடை வந்துவிடும். இந்த வரி 1-க்கு மட்டுமே ஆம் சொல்லும். 1-ஐ மட்டும் போட்டுச் சோதித்தவருக்குப் பிழை தெரியாது. சரியான வடிவம்:

```c
n > 0 && (n & (n - 1)) == 0
```

இந்த முன்னுரிமை, சி-க்கு முந்தைய பி மொழியிலிருந்து வந்தது. அதில் `&&` தனியாக இல்லை, `&` தான் இரண்டு வேலையையும் பார்த்தது. `&&` பிறந்த பிறகும், பழைய நிரல்கள் எளிதாக மாறட்டும் என்று `&`-இன் இடத்தை அப்படியே விட்டுவிட்டதாக டென்னிஸ் ரிட்சி எழுதியிருக்கிறார். பைத்தானில் `&` முந்திக்கொள்வதால் வெளி அடைப்புக்குறி இல்லாமலும் சரியாக ஓடும். அங்கே பழகிய கைதான் சி தாளில் அதை விட்டுவிடுகிறது.