கொம்பும் புள்ளியும்: கணினியின் எழுத்துக் காவல்

கணினியில் தமிழ் படிக்கையில் சில சமயம் எழுத்தருகே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தென்படும். ஒட்டிக்கொள்ள மெய்யில்லாமல் ஏதோ ஒரு குறி தனித்து நிற்கிறது என்பதே அதன் பொருள். இதைக் கண்டுபிடிக்க அகராதி தேவையில்லை. கணினியியலில் ‘ஃபைனைட் ஆட்டோமேட்டன்’ எனப்படும் சிறு பொறி போதும். இதுவரை படித்த எதையும் அது சேர்த்துவைப்பதில்லை. தான் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

இலக்கணத்தில் ‘க்’ முதலில், அதோடு அகரம் சேர்ந்தால் ‘க’. யூனிகோடில் இது தலைகீழ்: ‘க’ அடிப்படை, அதன்பின் புள்ளி வந்தால் ‘க்’. ஆகவே பொறிக்கு இரண்டு நிலைகள் போதும். ஒன்று வெறும் நிலை, மற்றொன்று குறியை ஏற்கத் தயாரான மெய்நிலை. உயிரோ ஆய்தமோ வந்தால் வெறும் நிலை. ‘க’ போன்ற எழுத்து வந்தால் மெய்நிலை. மெய்நிலையில் ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் ஏற்றுக்கொண்டு வெறும் நிலைக்குத் திரும்பும். வெறும் நிலையில் குறி வந்தால் பிழை.

‘பள்ளி’யைப் பார்ப்போம். ப வந்ததும் மெய்நிலை. அடுத்து ள, அதே நிலை. புள்ளி வந்ததும் வெறும் நிலை. மறுபடி ள, மெய்நிலை. இகரக்குறியோடு வெறும் நிலை. சொல் தேறிவிட்டது. கை தவறி இகரக்குறியை இருமுறை தட்டினால், இரண்டாவது குறி பிழையாகும்.

‘கொடி’யில் ஒரு சிக்கல் உண்டு. கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் ககரத்துக்குப் பின்தான் வரவேண்டும். பழைய தட்டச்சுப் பழக்கத்தில் கொம்பை முதலில் சேமித்தால் பொறி தொடக்கத்திலேயே நிறுத்திவிடும். மேலும் ஒகரக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். யூனிகோடில் இரண்டும் சமம். இரண்டாம் வகையில் காலைப் பிழை என்று தள்ளாமலிருக்க, ‘கொம்பு வந்தாயிற்று, கால் வரலாம்’ என்ற மூன்றாவது நிலையைச் சேர்க்க வேண்டும்.

இந்தப் பொறிக்குப் பிடிபடாத பிழையும் உண்டு. ‘கௌரி’யில் ஔகாரக்குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் தட்டி ‘கெளரி’ என்று எழுதுபவர்கள் பலர். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்; பொறிக்கோ கெ, ள, ரி என்று மூன்றும் ஒழுங்கான எழுத்துகள். கொம்பை அடுத்து ளகரம் வந்தால் ஔகாரமாக்கிவிடலாமே என்றால், ‘கெளுத்தி’ கெட்டுவிடும்: ளகரத்தின் உகரக்குறி ஔகாரக்குறியை அடுத்து வந்து நிற்க, பொறியே அதைப் பிழை என்று சொல்லிவிடும். ளகரம் குறியின்றி நிற்கும்போது மட்டும் மாற்றலாம் என்றால், கதைகளின் பேச்சுவழக்கில் வரும் ‘வெளக்கு’ம் ‘வெளயாட்டு’ம் சிக்கிக்கொள்ளும். அங்கே எழுத்தின் ஒழுங்கு மட்டும் போதாது. சொல் தெரிந்த அகராதிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.