நூறில் தொடங்கும் பந்தயம்

2020 மார்ச் இறுதியில் சென்செக்ஸ் 29,468 புள்ளி, நிஃப்டி 8,598. ஓராண்டு கழித்து 49,509, 14,691. ஒன்று இருபதாயிரம் ஏறியது, மற்றது ஆறாயிரம்தான். அப்படியானால் சென்செக்ஸ்தான் வென்றதா?

இரண்டையும் நூறில் தொடங்க வைப்போம். ஒவ்வொரு நாளின் மதிப்பையும் தொடக்க நாள் மதிப்பால் வகுத்து நூறால் பெருக்கினால் போதும். சென்செக்ஸ் 168 ஆகிறது, நிஃப்டி 170.9. முந்தியது நிஃப்டி!

தொடக்க நாளில்தான் சூது இருக்கிறது. 2020 மார்ச், கொரோனா பயத்தில் சந்தை சரிந்து கிடந்த நேரம். 2019 டிசம்பர் இறுதியை (41,254, 12,168) நூறாக வைத்தால், அதே 2021 மார்ச்சில் இரண்டுமே 120-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. விளம்பரங்களில் இத்தகைய வரைபடத்தைப் பார்த்தால், கோடு எங்கே முடிகிறது என்பதற்கு முன், எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள்.