ஊசியைப் பார்த்துவிட்டு விளக்கைப் பாருங்கள்

ஊருக்குக் காரில் கிளம்பும் நம் அன்பர்களிடமிருந்து வழியில் வரும் செய்தி ஒன்று உண்டு. டாஷ்போர்டைக் கைபேசியில் படம் எடுத்து, கீழே "அண்ணே, இது என்ன?" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். கேட்பது விளக்கின் பெயரை என்றாலும், அவருக்குத் தெரிய வேண்டியது வண்டியை மேலே ஓட்டலாமா, கூடாதா என்பதுதான். படத்தைப் பார்த்துப் பதில் சொல்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் புறப்பட்ட ஒருவர் நெய்யாற்றின்கரை தாண்டி ஓரமாக நிறுத்திப் படம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் நான்கு விளக்குகள் எரிகின்றன. பேட்டரி படம் சிவப்பு. மூக்கில் சொட்டு விழும் கிண்டி போன்ற ஆயில் படம் சிவப்பு. கை பிரேக் சிவப்பு. இஞ்சின் படம் மஞ்சள். சிவப்பு என்றால் உடனே கவனி, மஞ்சள் என்றால் விரைவில் காட்டு என்பது பொது விதி. அந்த விதிப்படி பார்த்தால் வண்டியே போய்விட்டது என்று தோன்றும்.

முதலில் ஊசி

விளக்குகளை விட்டுவிட்டு இஞ்சின் சுற்றைக் காட்டும் ஊசியைப் பாருங்கள். அது 0-இல் நிற்கிறது. அதாவது சாவி போட்டிருக்கிறது, இஞ்சின் ஓடவில்லை. அந்த நிலையில் இந்த நான்கும் எரிவது இயல்பு. ஆல்டர்னேட்டர் சுற்றாததால் பேட்டரி விளக்கு எரிகிறது. ஆயில் பம்பு சுற்றாமல் அழுத்தம் இல்லாததால் ஆயில் விளக்கு எரிகிறது. பிரேக் இழுத்திருக்கிறது. இஞ்சின் விளக்கு, பல்பு சரியாக இருக்கிறதா என்று வண்டி தானே செய்யும் சோதனை. ஊசியே 800 அருகில் நின்றிருந்தால், அதே சிவப்பு விளக்குகள் உண்மையான அபாயத்தைச் சொல்லியிருக்கும். சில சிறிய வண்டிகளில் இந்த ஊசி இருக்காது, அப்போது "இஞ்சின் ஓடுகிறதா?" என்று கேட்டே ஆக வேண்டும்.

ஆனால் "ஒன்றுமில்லை, போங்கள்" என்று சொல்லிவிடக் கூடாது. நிறுத்திய பிறகு எடுத்த படம் ஓடும்போது என்ன நடந்தது என்பதைச் சொல்லாது. நின்ற பிறகும் நம்பக்கூடியது வெப்ப ஊசி. நம் உதாரணத்தில் அது மேலே ஏறி, சிவப்புக் கோட்டை ஒட்டி நிற்கிறது.

பிறகு இரண்டு கேள்விகள்

"ஓடும்போது முதலில் எரிந்தது எது?" என்று கேட்கிறோம். "பேட்டரி. ஸ்டீயரிங்கும் திடீரென்று கனத்துப் போச்சு" என்கிறார். இப்போது விடை தெளிவாகிறது. பல வண்டிகளில் ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும், தண்ணீர் பம்பையும், பழைய வகை ஸ்டீயரிங் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்தால் மூன்றும் சேர்ந்து நின்றுவிடும். எனவே இங்கே பேட்டரியின் மேல் பழியில்லை. "ஸ்டார்ட் பண்ணாதீங்க. சூடு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. வண்டியை இழுத்துக்கொண்டு போக ஆள் கூப்பிடுங்க" என்பதே பதில். பிடிவாதமாக ஓட்டினால் இஞ்சினின் தலைப்பகுதி வளைந்துவிடலாம். சில நூறு ரூபாய் பெல்ட்டுக்குப் பதில் பல ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடும்.

வெப்ப ஊசி நடுவிலேயே இருந்து, பேட்டரி விளக்கு மட்டும் எரிந்திருந்தால் பதில் வேறு. பெல்ட் இருக்கிறதா என்று பார்த்து, ஏ.சி.யை அணைத்து, வழியில் இஞ்சினை நிறுத்தாமல், பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம். வெப்ப ஊசி மேல் ஒரு கண் இருக்கட்டும். இரவும் மழையும் சேர்ந்தால், ஹெட்லைட்டும் வைப்பரும் பேட்டரியைச் சீக்கிரம் காலி செய்துவிடும்.

ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தது என்றால் வேறு யோசனையே வேண்டாம். அது ஆயில் குறைவை அல்ல, அழுத்தம் போனதைக் காட்டுவது. அந்த இடத்திலேயே இஞ்சினை அணைக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் பக்கத்தில் இருந்தாலும் ஓட்டிப் போகக் கூடாது.

இரண்டாவது கேள்வி, மஞ்சள் இஞ்சின் விளக்கைப் பற்றியது. "ஓடும்போது நிலையாக எரிந்ததா, மின்னி மின்னி எரிந்ததா?" புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல் ஓடினால் மெதுவாக வீடு சேர்ந்து பிறகு காட்டலாம். மின்னினால் இஞ்சின் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள சுத்திகரிப்பானைச் சுட்டுக் கெடுத்துவிடும்; வேகத்தைக் குறைத்து நிறுத்துவதே நல்லது.

வெப்ப ஊசி நடுவில் இருந்து, ஓடும்போது ஆயில் விளக்கும் எரியவில்லை என்று உறுதியானால் மட்டும், இஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐந்து விநாடி கழித்து இன்னொரு படம் அனுப்பச் சொல்லுங்கள். கை பிரேக்கையும் இறக்கிவிட்ட பின், அந்த இரண்டாவது படத்தில் அணையாமல் நிற்கும் விளக்குதான் நாம் பெயர் சொல்ல வேண்டிய விளக்கு.