வேலை போன மாதத்தில் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம்

வேலை போனால் வீட்டுக்காரரிடம் சொல்லப் பலருக்கும் கூச்சம். வாடகைத் தேதி போன பிறகும் போனை எடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். அவர் வாசலில் வந்து நின்று கேட்கும்போது எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் எடுபடாது. அதனால் கடிதம் தேதிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

சென்னையில் ஒருவர் மாதம் 12,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறார், 5-ஆம் தேதி கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 20-இல் வேலை போய்விட்டது. மனைவி சம்பளத்தில் மாதம் 6,000 ரூபாய் வாடகைக்கு ஒதுக்க முடியும். பழைய கம்பெனி தர வேண்டிய 30,000 ரூபாய் நவம்பர் கடைசியில் வரும் என்று எழுத்தில் இருக்கிறது. புதிய வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாது. அவர் இப்படி எழுதலாம்:

“சார், செப்டம்பர் 20 முதல் எனக்கு வேலை இல்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் 5-ஆம் தேதிக்குள் 6,000 ரூபாய் வீதம் தருகிறேன். பாக்கி நிற்கும் 12,000 ரூபாயை டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 4,000 ரூபாய் வீதம் அந்தந்த மாத வாடகையோடு சேர்த்து, 16,000 ரூபாயாகத் தருகிறேன். கம்பெனிக் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். சம்மதமானால் இதிலேயே கையெழுத்திட்டுத் தாருங்கள்.”

கடைசி மூன்று மாதங்களுக்கு 48,000 ரூபாய் வேண்டும். மனைவி தருவது 18,000, கம்பெனிப் பணம் 30,000. வேலை கிடைக்காவிட்டாலும் கணக்கு இடிக்காது. கிடைக்கப்போகும் வேலையை நம்பித் தவணை சொன்னால் முதல் தவணையிலேயே சொல் தவறும். அப்புறம் வீட்டுக்காரர் எதையும் நம்பமாட்டார்.

பாக்கி எந்த நேரத்திலும் ஒரு மாத வாடகையைத் தாண்டவில்லை என்பதையும் கவனியுங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதும் கட்டாவிட்டால், வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். தவணை கேட்பவர் அந்த எல்லைக்கு இந்தப் பக்கமே நிற்பது நல்லது.

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுதாதீர்கள். வீட்டுக்காரருக்கு அது ஒன்றுதான் பிடிமானம். அதையும் கரைக்கச் சொன்னால் தவணைக்கு எப்படி மனம் வரும்? வேலை போன கதையையும் நீட்ட வேண்டாம், ஒரு வரி போதும். அவருக்கும் அந்த வாடகையில் வங்கிக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கலாம். அவர் தேடுவது தொகையையும் தேதியையும்தான்.

வாயால் சரி என்றாலும், அதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஒரு தவணை தள்ளிப்போகும் என்று தெரிந்தால், 5-ஆம் தேதிக்கு முன்பே நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள்.