தைத்த முள்ளும் கட்டிய நெறியும்

உள்ளங்காலில் முள் தைக்கிறது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இரண்டு மூன்று நாள் கழித்து அந்த இடம் சீழ் கோத்து வலிக்கும்போது, தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்படுகிறது. “நெறி கட்டியிருக்கு, கால்ல ஏதாவது காயமான்னு பாரு” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் காயம் பட்டது காலில். வீக்கம் மட்டும் ஏன் இரண்டு முழம் தள்ளி மேலே வருகிறது?

முள்ளோடு சேர்ந்து பாக்டீரியாவும் உள்ளே போயிருக்கிறது. அதை அங்கேயே எதிர்கொள்ள உடலில் பிறவியிலேயே அமைந்த ஒரு காவல் இருக்கிறது. பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளணுக்கள் சில மணி நேரத்தில் அங்கே குவிந்துவிடும். சீழ் என்பது பெரும்பாலும் அவற்றின் பிணங்கள்தான். இந்தக் காவலுக்கு வந்திருப்பது கிருமி என்று தெரியும். எந்தக் கிருமி என்று துல்லியமாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு குறிபார்த்துத் தாக்குவதும், பல ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பதும் டி-செல், பி-செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களின் வேலை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத புது டி-செல்கள் தோலுக்கு வருவதில்லை. ரத்தத்துக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, டி-செல்லால் முழுக் கிருமியைப் பார்த்து அடையாளம் காணவும் முடியாது. கிருமியின் புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, எம்.எச்.சி. என்ற ஏந்துபுரதத்தில் பொருத்தி, வேறொரு செல் தன் மேற்பரப்பில் காட்டினால்தான் அதற்குத் தெரியும். ஆக, காலில் நடப்பதைக் கண்டுபிடித்து, சாட்சியத்தோடு தொடையிடுக்கு வரை போய்க் காட்ட ஒரு செல் தேவை. அதுதான் டென்ட்ரிடிக் செல்.

பெயருக்கேற்றபடி கிளைகிளையாக நீட்டிக்கொண்டிருக்கும் செல் இது. தோலின் மேலடுக்கில் இருக்கும் இதே போன்ற செல்களை 1868-லேயே பால் லாங்கர்ஹான்ஸ் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தபோது பார்த்துவிட்டார். கிளைகளைக் கண்டு அவற்றை நரம்பு செல்கள் என்று நினைத்தார். நூறு ஆண்டு கழித்து, நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த செல்களுக்கிடையே ஒரு புது வகையைக் கண்டார்கள். 1973-ல் அதற்கு டென்ட்ரிடிக் செல் என்று பெயர் வைத்தார்கள். எண்ணிக்கையில் மிகக் குறைவான இந்தச் செல்லுக்கு முக்கியமான வேலை எதுவும் இருக்கும் என்பதைப் பலரும் நம்பவில்லை. டி-செல்லைத் தூண்டிவிடுவதில் இதற்கு இணையான செல் வேறில்லை என்று நிறுவ ஸ்டைன்மனுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

காலில் உட்கார்ந்திருக்கும் டென்ட்ரிடிக் செல் முதலில் செய்வது, சுற்றியுள்ள திரவத்தை ஓயாமல் உறிஞ்சுவது. வந்தது, போனது, செத்த நம் செல்களின் மிச்சம், பாக்டீரியா என எல்லாமே உள்ளே போகும், எல்லாமே துண்டாக்கப்படும். இங்கேதான் கவனிக்க வேண்டும். வெட்டிய பிறகு நம் புரதத்தின் துண்டும் கிருமிப் புரதத்தின் துண்டும் ஒரே மாதிரிதான்: சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரடு. ‘நான் ஆபத்தானவன்’ என்று எந்தத் துண்டிலும் எழுதியிருக்காது.

அந்தத் தீர்ப்பை டென்ட்ரிடிக் செல் வேறு வழியில் தருகிறது. அதன் மேற்பரப்பிலும் உட்பைகளின் சுவரிலும் டோல் உணரிகள் இருக்கின்றன. சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள கொழுப்பையும், அவை நீந்தப் பயன்படுத்தும் கசையின் புரதத்தையும், வைரஸின் ஆர்.என்.ஏ.வையும் இவை தொட்டு உணரும். கிருமியால் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத பாகங்கள் இவை. ஓர் உணரி தூண்டப்பட்டதுமே செல் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் உறிஞ்சுவதைக் குறைத்துவிடுகிறது. அதுவரை சேர்த்த துண்டுகளை ஏந்துபுரதத்தோடு மேற்பரப்புக்கு அனுப்புகிறது. சி.சி.ஆர்.7 என்ற உணரியைப் புதிதாக நிறைய முளைக்கவிடுகிறது. நிணநீர்க் குழாய்கள் கசியவிடும் ஒரு ரசாயனத்தை இந்த உணரி மோப்பம் பிடிக்கும். அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு செல் தோலை விட்டுக் கிளம்பி, குழாய்க்குள் நுழைந்து, சுமார் ஒரு நாளில் நிணநீர் முடிச்சை அடைகிறது.

முடிச்சுக்குள் காத்திருப்பது பெரிய தேடல். அந்தக் குறிப்பிட்ட துண்டை அடையாளம் காணக்கூடிய டி-செல் லட்சத்தில் ஒன்று இருக்கலாம்; அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். டென்ட்ரிடிக் செல் கிளைகளை விரித்து அசைத்துக்கொண்டு நிற்க, டி-செல்கள் ஓடிவந்து தொட்டுவிட்டுப் போகின்றன. ஒரே செல்லை மணிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் டி-செல்கள் தொட்டுப் போவதை உயிருள்ள எலியின் முடிச்சில் நுண்ணோக்கி வைத்துப் படமெடுத்திருக்கிறார்கள். 2004-ல் வெளிவந்த அத்தகைய ஓர் ஆய்வில், பொருத்தமான டி-செல் முதல் எட்டு மணி நேரம் சும்மா தொட்டுத் தொட்டு விலகியது. அதன் பிறகு அரை நாள் போல ஒரே டென்ட்ரிடிக் செல்லோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. பிறகு விலகி, வேகமாக ஓடியபடியே பெருகத் தொடங்கியது.

நெறி கட்டுவது இந்தக் கட்டத்தில்தான். முடிச்சுக்குள் வரும் செல்களின் வரத்து கூடுகிறது. வெளியே போகும் வழியோ சில நாள் அடைபடுகிறது. உள்ளே இருப்பவையும் பெருகுகின்றன. முடிச்சைத் தாங்கிப் பிடித்திருக்கும் நார்வலை இறுகியே இருந்தால் இத்தனைக்கும் இடம் போதாது. அந்த நார்களைத் தளர்த்திவிடும் குறிப்பையும் வந்து சேர்ந்த டென்ட்ரிடிக் செல்தான் கொடுக்கிறது. இது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தெரியவந்த விஷயம். ஒரு வீக்கத்துக்கு இவ்வளவு முன்னேற்பாடா என்று எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

துண்டைக் காட்டினால் மட்டும் டி-செல் கிளம்பிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆபத்தை உணர்ந்து வந்த டென்ட்ரிடிக் செல்லின் மேல் சி.டி.80, சி.டி.86 என்ற இரண்டு புரதங்கள் கூடுதலாக முளைத்திருக்கும். துண்டு ஒரு சைகை, இவை இரண்டாவது சைகை. இரண்டும் சேர்ந்தால்தான் டி-செல் முழுமையாக விழித்துக்கொள்ளும். இதோடு செல் சுரக்கும் சில பொருள்கள், எந்த மாதிரித் தாக்குதல் வேண்டும் என்பதையும் சொல்லிவிடும்.

இரண்டாவது சைகை இல்லாமல் காட்டினால் என்ன ஆகும்? ராக்ஃபெல்லரில் ஸ்டைன்மனும் மிஷேல் நுஸன்ஸ்வைக்கும் இதை எலிகளில் நேராகவே சோதித்தார்கள். டென்ட்ரிடிக் செல்லின் மேல் டி.இ.சி.-205 என்ற புரதம் இருக்கிறது. அதில் போய் ஒட்டும் ஆன்டிபாடி ஒன்றில் முட்டைப் புரதத்தை இணைத்து ஊசியாகப் போட்டார்கள். கிருமி இல்லை, காயம் இல்லை, அழற்சி இல்லை. புரதம் நேரே டென்ட்ரிடிக் செல்லுக்குள் போய்ச் சேர்ந்தது. டி-செல்கள் அதைக் கண்டுகொண்டன, பெருகவும் செய்தன. ஆனால் சில நாள்களில் பெரும்பாலானவை மடிந்தன. பிறகு அதே புரதத்தைத் தூண்டுபொருளோடு கொடுத்தபோதும் அந்த எலிகள் அசைந்துகொடுக்கவில்லை. அடுத்த எலிகளுக்கு அதே ஊசியோடு, டென்ட்ரிடிக் செல்லைத் தட்டி எழுப்பும் இன்னோர் ஆன்டிபாடியையும் சேர்த்தார்கள். இந்த முறை வலுவான எதிர்ப்பு வந்தது. புரதம் ஒன்றே, அதைக் காட்டிய செல் வகையும் ஒன்றே. மாறியது அந்தச் செல்லின் நிலை மட்டும்தான்.

2001, 2002-ல் வெளியான இந்தச் சோதனைகள் எனக்கு இந்தத் துறையிலேயே மிகத் தெளிவானவையாகத் தோன்றுகின்றன. ஆபத்தில்லாத நாள்களிலும் டென்ட்ரிடிக் செல்கள் முடிச்சுக்குப் போய் நம் சொந்தப் புரதங்களைக் காட்டியபடிதான் இருக்கின்றன. அப்போது நடப்பது சமாதானம்: நம்மையே தாக்கக்கூடிய டி-செல்கள் அடக்கப்படுகின்றன, அல்லது நீக்கப்படுகின்றன. போரைத் தொடங்கிவைக்கும் அதே செல்தான் போர் வேண்டாம் என்றும் சொல்கிறது.

தடுப்பூசி தயாரிப்பவர்களை நெடுநாள் குழப்பிய ஒரு விஷயம் இதனால் விளங்கியது. கிருமியின் புரதத்தை நன்றாகச் சுத்தம் செய்து தனியாக ஊசி போட்டால் பலன் சுமாராகவே இருக்கும். ஏதாவது ஒன்றைக் கூடச் சேர்க்க வேண்டும். 1926-ல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளெனி, டிப்தீரியா நச்சுப் புரதத்தோடு படிகாரத்தைச் சேர்த்தபோது எதிர்ப்பு கூடியதைக் கண்டார். அலுமினிய உப்புகளை இன்றும் பல தடுப்பூசிகளில் சேர்க்கிறார்கள். ஏன் சேர்க்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வியை யேல் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஜேன்வே 1989-ல் நேரடியாக எழுப்பினார். துறையில் எல்லோரும் செய்துகொண்டு வெளியே பேசாத சங்கதி இது என்று அவர் சொன்னார். பிறவிக் காவல் கிருமியின் அடையாளத்தை உணர்ந்து பச்சைக்கொடி காட்டாதவரை டி-செல் கிளம்பாது என்பது அவருடைய ஊகம். டோல் உணரிகள் அப்போது நோயெதிர்ப்பில் எவருக்கும் தெரியாது. அவை பழ ஈயிலும் பிறகு பாலூட்டிகளிலும் அடையாளம் காணப்பட்டது 1990-களின் பிற்பகுதியில்தான்.

புற்றுநோயில் இதன் மறுபக்கம் தெரிகிறது. கட்டியின் செல்கள் நம்முடையவை. அவற்றில் பாக்டீரியாச் சுவர் இல்லை, கசை இல்லை. கட்டிக்குள் இருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் பலவும் விழிப்படையாமலே கிடக்கின்றன. அதனால் நோயாளியின் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, புற்றின் புரதத்தை ஊட்டி, வெளியிலேயே விழிக்கவைத்துத் திரும்பச் செலுத்தும் முயற்சி தொடங்கியது. இந்த வழியில் உருவான சிபுலூசெல்-டி என்ற சிகிச்சையைப் பரவிய புராஸ்டேட் புற்றுக்காக அமெரிக்கா 2010-ல் அனுமதித்தது. முக்கியமான சோதனையில் அது தந்த ஆயுள் நீட்சி சராசரியாக நான்கு மாதம். கட்டி சுருங்குவது அரிது.

ஸ்டைன்மனுக்கே 2007-ல் கணையப் புற்று கண்டறியப்பட்டது. தன் கட்டியிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு, தான் கண்டுபிடித்த செல்களை வைத்தே செய்த சோதனைச் சிகிச்சைகளை வழக்கமான மருந்துகளோடு அவர் எடுத்துக்கொண்டார். மாதக் கணக்கில் உயிரைக் குடிக்கும் நோயோடு நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 2011 செப்டம்பர் 30 அன்று இறந்தார். மூன்று நாள் கழித்து, அந்தச் செய்தி தெரியாமலே நோபல் குழு அவர் பெயரை அறிவித்தது. அந்த நான்கு ஆண்டுகளைக் கொடுத்தது டென்ட்ரிடிக் செல்களா, மருந்துகளா, அறுவை சிகிச்சையா என்பதை ஒரே ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் பலரும் இப்போது செல்லை வெளியே எடுப்பதை விட்டு, கட்டிக்குள் இருக்கும் டென்ட்ரிடிக் செல்லையே எழுப்பும் ஆன்டிபாடிகளை நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள்.