தவாவில் ஒட்டிய பழுப்புப் பிசுக்கு

நான்ஸ்டிக் தவாவில் தோசையைச் சுற்றி விடும் எண்ணெயில் பாதி, மாவுக்கு வெளியே வெறும் கல்லில் வழிந்து நிற்கும். தோசை வெந்து இறங்கிவிடும். அந்த எண்ணெய் மட்டும் காய்ந்துகொண்டே இருக்கும். இப்படி நாள்தோறும் மெல்லிய படலமாகச் சேர்ந்து, சில மாதங்களில் ஓரத்தில் பழுப்பு வளையமாகிறது. விரல் வைத்தால் பிசுபிசுக்கும், சோப்புக்கோ அசையாது.

சோப்புக்கு மசியாததற்குக் காரணம் உண்டு. சூட்டிலும் காற்றிலும் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாக மாறிவிடுகின்றன. அது இனி எண்ணெயே அல்ல. வேடிக்கை என்னவென்றால், இரும்புத் தோசைக்கல்லை நாம் 'பழக்குவது' இதே படலத்தை ஏற்றித்தான். அங்கே தோசை ஒட்டாமல் காக்கும் அது, நான்ஸ்டிக்கில் வழவழப்பான பூச்சை மூடிவிட்டு மாவைப் பிடித்துக்கொள்கிறது.

பச்சை நாரை எடுத்துத் தேய்க்கத்தான் கை பரபரக்கும். அதில் அரத்தூள் போன்ற துகள்கள் இருக்கின்றன. பிசுக்கோடு பூச்சையும் சேர்த்துக் கீறிவிடும். கம்பி நாரையும் சாம்பலையும் சொல்லவே வேண்டாம்.

இந்தப் பிசினை இளக்குவது காரம். அதற்குச் சமையல் சோடா போதும். விளிம்புள்ள வாணலி என்றால், கறை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சோடா போட்டு, சிறுதீயில் பத்து நிமிடம் கொதிக்கவிடலாம். தட்டைத் தவாவில் தண்ணீர் நிற்காது. அதை வெதுவெதுப்பாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, சோடாவை நீரில் குழைத்து வளையத்தின்மேல் பூச வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் போர்த்தி அரை மணி நேரம் விட்டால் பசை காயாது. பிறகு மென்மையான பஞ்சால் ஈரத்தோடு வட்டமாகத் தேய்த்தால், துணியில் பழுப்பு நீர் இறங்குவது தெரியும். பழைய கறை ஒரே தடவையில் போகாது. மறுநாள் இன்னொரு முறை செய்வதே நல்லது, அழுத்தித் தேய்ப்பதல்ல.

சோடாவோடு வினிகரைக் கலந்தால் நுரை பொங்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால் பிசுக்குக்கு ஒன்றும் ஆகாது. கொதிக்கும் தவாவில் குளிர்ந்த நீர் விடுவதும் கூடாது, அடி வளைந்துவிடும். பூச்சில்லாத அலுமினிய அடிப்பக்கத்தில் சோடா நீர் பட்டால் கருக்கும். உடனே அலசிவிட வேண்டும்.

வேலை முடிந்ததா என்று பார்க்க, ஆறிய தவாவில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும். சுத்தமான இடத்தில் அது முத்தாக உருளும். பிசுக்கு மிச்சமிருக்கும் இடத்தில் பரவி நிற்கும். பிசுபிசுப்பே இல்லாமல் நிறம் மட்டும் மங்கியிருந்தால் அதை விட்டுவிடலாம். பூச்சு உரிந்து உலோகம் தெரிந்தால் மட்டும் எந்தச் சோடாவும் உதவாது. அந்தத் தவாவை மாற்ற வேண்டியதுதான்.